கடனும் பாக்கியும்: வினாநிரலில் பிறழப் புரிந்துகொள்ளப்படும் வினாக்களை முன்னோட்டத்தாலும் அறிதல்சார் நேர்காணலாலும் கண்டறிதல் – சேலம், நாமக்கல் சமவெளி நெசவாளரை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

களஆய்வில் பயன்படும் வினாநிரலின் ஒரு வினாவை ஆய்வாளர் ஒரு பொருளிலும் தகவலாளர் வேறொரு பொருளிலும் கொள்ளும்போது, கிடைக்கும் விடை பிழையாகத் தோன்றுவதில்லை. ‘இல்லை’ என்னும் விடை, வினாவைச் சரியாகப் புரிந்துகொண்டவரிடமிருந்து வந்தாலும் பிறழப் புரிந்துகொண்டவரிடமிருந்து வந்தாலும் ஒரே வடிவில்தான் பதிவாகிறது. குமாரபாளையம் விசைத்தறித் தொழிலாளரிடையே வழங்கும் ‘பாக்கி’ என்னும் சொல்லைக் கொண்டு, இத்தகைய வினாவை எவ்வாறு இனங்காணலாம், எவ்வாறு திருத்தலாம், திருத்தமும் எங்கே தவறலாம் என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வினாநிரல், முன்னோட்டம், அறிதல்சார் நேர்காணல், துருவு வினா, பாக்கி, குமாரபாளையம்.

முன்னுரை

காவிரியின் கிழக்குக் கரையில், பவானிக்கு எதிரே அமைந்துள்ள குமாரபாளையம் நாமக்கல் மாவட்டத்தின் விசைத்தறி ஊர்களுள் ஒன்று. இவ்வூர்ப் பட்டறைகளில் தறி ஓட்டும் தொழிலாளர், வேலையில் சேரும்போதும் சேர்ந்த பின்னரும் பட்டறை உரிமையாளரிடம் ஒரு தொகையை முன்னதாகப் பெறுவது வழக்கம். இத்தொகைக்கு அங்கு வழங்கும் பெயர் பாக்கி. மானிடவியலாளர் கீர்ட் டி நேவ் 1999இல் வெளியிட்ட கட்டுரை இவ்வழக்கத்தையே பொருளாகக் கொண்டது. ‘பாக்கி’ என்னும் சொல்லையே தன் தலைப்பிலும் ஏற்றது. தொழிலாளரைப் பட்டறையில் நிறுத்திவைக்க உரிமையாளர் கொடுக்கும் பணமாகவும், தொழிலாளர் கேட்டுப் பெற்றுப் பேரம் பேசப் பயன்படுத்தும் பணமாகவும் பாக்கி இருமுகம் கொண்டிருப்பதை அக்கட்டுரை விளக்குகிறது.

இவ்வூரில் ‘நீங்கள் யாரிடமாவது கடன் வாங்கியுள்ளீர்களா?’ என்னும் வினாவைக் கேட்பதாகக் கொள்வோம். இலக்கணப் பிழையற்ற, எளிய வினா. ஆயினும் பட்டறையில் பெருந்தொகை பாக்கி நிற்கும் ஒருவர், எதையும் மறைக்கும் எண்ணமின்றி, ‘இல்லை’ என்று விடையளிக்கக்கூடும். கடன் என்றால் வட்டி உண்டு, தவணை உண்டு, திருப்பிக் கேட்பவர் உண்டு. பாக்கியோ பெரும்பாலும் வட்டியில்லாதது. வேலையில் இருக்கும்வரை முழுமையாகத் தீர்க்க வேண்டுமென்ற நெருக்கடி இல்லாதது. வேறு பட்டறைக்கு மாறும்போது புதிய உரிமையாளர் பழையவருக்குக் கொடுத்துத் தீர்க்க, கைமாறி நிற்பது. கடனின் பொருட்கூறுகளுள் சில இதில் இல்லாமையால், தகவலாளரின் சொற்புலத்தில் பாக்கி கடனுக்கு வெளியே நிற்க இடமுண்டு.

இதைச் சொல்லாராய்ச்சியாக மட்டும் கருதிக் கடந்துவிட இயலாது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் பணமாகவோ பொருளாகவோ கொடுக்கப்படும் முன்பணத்தைத் தன் வரையறைக்குள் வைத்தே பேசுகிறது. சட்டம் எதைத் தேடுகிறதோ அதை வினாநிரல் ‘இல்லை’ என்று பதிவு செய்துவிட்டால், கடனற்ற தொழிலாளர் என்றொரு பொய்யான பிரிவு அட்டவணையில் உருவாகும். மாதிரியின் அளவை ஐந்நூறாக உயர்த்தினாலும் இப்பிழை குறையாது. ஐந்நூறு பேரிடமும் அதே பிழை ஒரே திசையில் நிகழும்.

முன்னோட்டம் காட்டுவதும் காட்டாததும்

முன்னோட்டம் என்பது முதன்மை ஆய்வுக்கு முன், அதே வகைத் தகவலாளருள் இருபத்தைந்து முதல் ஐம்பது பேர்வரை எடுத்து, வினாநிரல் முழுவதையும் உண்மை ஆய்வில் நிகழ்வதுபோலவே கேட்டுப் பார்த்தல். முனைவர்பட்ட ஆய்வுகளில் இது பெரும்பாலும் ஒரு வாக்கியமாக, ‘முன்னோட்டம் மேற்கொள்ளப்பட்டு வினாநிரல் செம்மை செய்யப்பட்டது’ என்ற அளவில் முடிந்துவிடுகிறது. எந்த வினா, எந்தச் சான்றால், எவ்வாறு செம்மை செய்யப்பட்டது என்பது சொல்லப்படுவதில்லை. வழிகாட்டியும் அதைக் கேட்பதில்லை.

முன்னோட்டத்தைப் பயனுறச் செய்ய, தகவலாளரின் இசைவுடன் உரையாடலை ஒலிப்பதிவு செய்து, ஒவ்வொரு வினாவிலும் நிகழ்வதைக் குறித்தல் வேண்டும். கள ஆய்வாளர் வினாவை எழுதியபடி கேட்டாரா, தம் சொற்களில் மாற்றினாரா, தகவலாளர் ‘என்னங்க?’ என்று மீண்டும் கேட்டாரா. வினா முடியுமுன் விடையளித்தாரா. கொடுத்த விடையைப் பின்னர் மாற்றினாரா என்பவை குறிக்கப்படும். நூற்றுக்குப் பதினைந்து நேர்காணல்களிலேனும் இத்தகைய தடுமாற்றம் காணப்பட்டால் அவ்வினாவை ஐயத்துக்குரியதாகக் கொள்ளலாம் என்பது பௌலர் முன்வைத்த நடைமுறை அளவு. முப்பது பேர் கொண்ட முன்னோட்டத்தில் இது ஐந்து நேர்காணல்களைக் குறிக்கும்.

தமிழில் முதலில் கவனிக்க வேண்டியது வினாவின் நடை மாற்றமே. வினாநிரல் எழுத்துத் தமிழில் அச்சாகிறது. களத்தில் அதை எழுதியபடி வாசிப்பவர் எவருமிலர். ‘வாங்கியுள்ளீர்களா’ என்பது ஒருவர் வாயில் ‘வாங்கியிருக்கீங்களா’ என்றும், இன்னொருவர் வாயில் ‘கடன்கிடன் ஏதாச்சும் இருக்குதுங்களா’ என்றும் மாறுகிறது. பின்னது வாங்கிய செயலைக் கேட்கவில்லை. இன்று நிற்கும் நிலையைக் கேட்கிறது. அதன் எதிரொலிச் சொல்லோ கடனைச் சற்றே இழிந்த பொருளாக்கிவிடுகிறது. மூன்று கள ஆய்வாளர் இருப்பின் மூன்று வினாநிரல்கள் புழங்குகின்றன. ஆதலால் பேச்சுவடிவத்தையும் ஆய்வாளரே எழுதி வைத்து, அதையே சோதித்தல் வேண்டும்.

இரண்டாவது, கொங்குச் சாயல் பேச்சின் மரியாதை. ‘ஆமாங்க’, ‘சரிங்க’ என்பவை உடன்பாட்டைக் குறிப்பது போலவே, கேட்டுக்கொண்டிருப்பதையும் குறிக்கின்றன. எதிர்மறை வினாவில் சிக்கல் கூடுகிறது. ‘கடன் ஏதும் இல்லைங்களா?’ என்பதற்கு ‘ஆமாங்க’ என்றால் கடன் இல்லை என்றே பொருள். ஆனால் படிவத்தில் ‘ஆம்’, ‘இல்லை’ என்னும் இரு கட்டங்கள் மட்டும் இருப்பின், களைத்த கள ஆய்வாளர் எதில் குறியிடுவார் என்பதற்கு உறுதியில்லை.

இவை காதில் விழும் தடுமாற்றங்கள். கடன் வினாவின் சிக்கல் இவ்வாறு காதில் விழுவதன்று. தகவலாளர் தயங்குவதில்லை, திருப்பிக் கேட்பதில்லை. தெளிவாக ‘இல்லைங்க’ என்கிறார். நடத்தைக் குறியீட்டில் இவ்வினா குற்றமற்றதாகத் தேறிவிடும். இதை முன்னோட்டம் பிடிக்க வேண்டுமானால் ஒன்றுக்கொன்று முரணக்கூடிய விடைகளை இணைத்துப் பார்த்தல் வேண்டும். முற்பகுதியில் ‘கடன் இல்லை’ என்றவர், பிற்பகுதியில் ‘கூலி குறைவென்றால் வேறு பட்டறைக்கு மாறாதது ஏன்?’ என்னும் வினாவுக்குப் ‘பாக்கி நிக்குதுங்க, எப்படிப் போறது’ என்று சொல்வாராயின், அந்த இரு விடைகளும் சேர்ந்தே சான்றாகின்றன. முரண்பட்டவர் பொய் சொன்னார் என்று முடிவுகட்டி அப்படிவத்தை நீக்கும் வழக்கம் சில ஆய்வுகளில் உண்டு. அவ்வாறு நீக்கப்படுவது, பிழையைக் காட்டிக்கொடுத்த ஒரே படிவமாக இருக்கக்கூடும்.

அறிதல்சார் நேர்காணல்

முன்னோட்டம் ஐயத்தை எழுப்பும், காரணத்தைச் சொல்லாது. காரணத்தைத் தேடுவது அறிதல்சார் நேர்காணல். விடையளித்தவரை மீண்டும் சந்தித்து வினாவை எவ்வாறு விளங்கிக்கொண்டார் என்று ஆராயும் முறையை இங்கிலாந்தில் பெல்சன் விரிவாகக் கையாண்டார். அவருடைய நூல் 1981இல் வெளிவந்தது. 1984இல் டூரங்கோ விடையளித்தலை நான்கு படிகளாகப் பிரித்தார். வினாவைப் புரிந்துகொள்ளல், நினைவிலிருந்து மீட்டல், மீட்டதை மதிப்பிடல், விடையாக வெளியிடல் என்பன அவை. பட்டறைப் பாக்கி நினைவில் இல்லாததன்று. ஒவ்வொரு நாளும் நினைவில் இருப்பது. பிழை முதற்படியிலேயே நிகழ்கிறது என்பது தெரிந்தால், ‘நன்கு நினைவுபடுத்திச் சொல்லுங்கள்’ என்று வற்புறுத்துவதால் பயனில்லை என்பதும் தெரிந்துவிடும்.

இந்நேர்காணலில் இரு வழிகள் உள்ளன. தகவலாளர் விடையைத் தேடும்போதே மனத்தில் ஓடுவதை உரக்கச் சொல்லுமாறு கேட்பது ஒன்று; விடை வந்தபின் துருவு வினாக்களால் ஆராய்வது மற்றொன்று. தறிக்கூடத்திலிருந்து வந்தமர்ந்த ஒருவரிடம் மனத்தில் ஓடுவதைச் சொல்லிக்கொண்டே இருக்குமாறு கேட்பது செயற்கையாக அமையும். பலர் சிரித்துவிட்டு மௌனமாவர். துருவு வினாவே இங்குப் பொருந்தும். அதிலும் ‘இந்தக் கேள்வியை உங்கள் சொல்லில் சொல்லுங்கள்’ என்னும் நூல்வழித் துருவு வினா ஏமாற்றக்கூடியது. ‘கடன் இருக்குதான்னு கேக்கறீங்க’ என்று தகவலாளர் திருப்பிச் சொல்வார். சொல் திரும்பி வந்ததேயன்றிப் பொருள் திரும்பி வரவில்லை. நிகழ்வைக் கேட்பதே மேல்: கடைசியாகக் கைக்குப் பணம் தேவைப்பட்டது எப்போது, யாரிடம் கேட்டார், அதைக் கடன் என்பாரா, வேறென்ன சொல்வார்.

பின்வரும் உரையாடல் களப்பதிவன்று. முறையை விளக்கும்பொருட்டு அமைத்துக்கொண்டது.

ஆய்வாளர்: கடன் இல்லைன்னு சொன்னீங்கண்ணா. அப்படிச் சொல்றப்ப எதையெல்லாம் நெனச்சுப் பாத்தீங்க?
தகவலாளர்: பேங்க்குல நகை வச்சது போன பொங்கலுக்கே திருப்பியாச்சு. குழுவுலயும் கட்டி முடிச்சாச்சு. வேற என்ன இருக்குதுங்க தம்பி?
ஆய்வாளர்: பொண்ணு கல்யாணத்துக்குப் பணம் எப்படிப் பொரட்டுனீங்க?
தகவலாளர்: பட்டறைல கேட்டு வாங்குனேன்.
ஆய்வாளர்: அதக் கடன்னு சொல்ல மாட்டீங்களா?
தகவலாளர்: அது பாக்கிங்க. வட்டியா கட்டறோம்? வேலைய விட்டாத்தானே அதப் பத்திப் பேச்சு.

இறுதி இரு வாக்கியங்களே நேர்காணலின் விளைச்சல். தகவலாளர் கடனுக்கு வைத்துள்ள இரு அளவுகோல்களை அவை வெளிப்படுத்துகின்றன: வட்டி, திருப்பித் தரும் கட்டாயம். இங்கே ஆய்வாளர் செய்யக்கூடாத ஒன்றுண்டு. ‘அதுவும் கடன்தானே அண்ணா’ என்று விளக்கிவிட்டால், அந்த நேர்காணலின் எஞ்சிய பகுதி பயனற்றதாகிவிடும். தகவலாளர் அதன்பின் ஆய்வாளரின் அகராதியில் விடையளிப்பார். மேலே ஐந்தாம் கூற்றில் உள்ள துருவு வினாவும்கூட, ‘கடன்’ என்னும் சொல்லை ஆய்வாளரே முன்வைப்பதால், சற்று வழிகாட்டுவதே. ‘அத என்னன்னு சொல்வீங்க?’ என்பது அதனினும் நன்று.

இந்நேர்காணலைப் பட்டறையில் நடத்துதல் கூடாது. தறியோசையில் பேச்சுக் கேளாது என்பது சிறிய காரணம். உரிமையாளரும் மேஸ்திரியும் கேட்கும் தொலைவில் பாக்கியைப் பற்றி ஒருவர் சொல்வது, புரிதலைக் காட்டுமா அச்சத்தைக் காட்டுமா என்று பிரித்தறிய இயலாது என்பது பெரிய காரணம். முறை மாற்றத்துக்குப் பின், வீட்டில், ஒரு மணி நேரத்துக்குள் முடியுமாறு நான்கைந்து ஐய வினாக்களை மட்டும் எடுத்துக்கொள்வது தகும். வினாநிரல் முழுவதையும் துருவ முயல்வது எதையும் துருவாமல் விடுவதற்கே வழி.

எத்தனை பேர் போதும் என்னும் வினாவுக்கு எளிய கணக்கொன்று உண்டு. தகவலாளருள் ஐந்தில் ஒருவர் ஒரு வினாவைப் பிறழப் புரிந்துகொள்வதாகக் கொண்டால், தற்செயலாகத் தேர்ந்த ஐவருள் ஒருவரிடமேனும் அது வெளிப்படும் வாய்ப்பு நூற்றுக்கு 67. பத்துப் பேராயின் 89. பத்தில் ஒருவரே பிறழப் புரிந்துகொள்வாராயின், பத்துப் பேரிடம் அவ்வாய்ப்பு 65ஆகக் குறையும். ஆகவே எட்டு முதல் பத்துப் பேர் கொண்ட ஒரு சுற்று, பரவலான பிழையைப் பிடிக்கும். அரிய பிழையைத் தவறவிடும். இந்தப் பத்துப் பேரை வைத்து ‘நூற்றுக்கு நாற்பது பேர் பிறழப் புரிந்துகொள்கின்றனர்’ என்று எழுதுவது முறையன்று. அறிதல்சார் நேர்காணல் பிழையின் வகையைத் தரும். அதன் அளவைத் தராது.

திருத்தமும் திருத்தத்தின் பிழையும்

நேர்காணலின் பின் வினா திருத்தப்படும். ‘உங்களுக்குப் பாக்கி உண்டா?’ என்பது முதலில் தோன்றும் திருத்தம். உள்ளூர்ச் சொல் வந்துவிட்டதால் சிக்கல் தீர்ந்தது எனத் தோன்றும், தீரவில்லை. பாக்கி என்பது பொதுவழக்கில் நிலுவை. ‘சம்பளப் பாக்கி’ என்பது உரிமையாளர் தொழிலாளிக்குத் தரவேண்டியது. ‘உங்களுக்கு’ என்னும் நான்காம் வேற்றுமை, பெறவேண்டியவரையும் குறிக்கலாம், சுமப்பவரையும் குறிக்கலாம். ஆகவே ‘உண்டு’ என்னும் விடை எத்திசையில் பணம் செல்லவேண்டும் என்பதைச் சொல்லாது. முதல் வினாவில் பிழை கடன் என்னும் பெயர்ச்சொல்லில் இருந்தது. திருத்திய வினாவில் வேற்றுமை உருபில் வந்து அமர்ந்திருக்கிறது. இதனாலேயே திருத்திய வினாவை, முதற்சுற்றில் இடம்பெறாத புதிய தகவலாளரிடம் இரண்டாம் சுற்றாகச் சோதித்தல் இன்றியமையாததாகிறது.

‘நீங்கள்’ என்னும் சொல்லும் இத்தகையதே. அது மரியாதை ஒருமையாகவும் பன்மையாகவும் நிற்கிறது. கணவன் தறி ஓட்ட, மனைவி தார் சுற்ற, இருவரும் ஒரே பட்டறையில் வேலை செய்யும் குடும்பத்தில் மனைவியிடம் ‘நீங்கள் வாங்கிய’ என்று கேட்டால், அவர் தம்மை மட்டும் எண்ணி விடையளிக்கலாம், குடும்பத்தை எண்ணியும் விடையளிக்கலாம். தொகை கணவன் பெயரில் இருக்க, உழைத்துக் கழிப்பவர் இருவராக இருப்பின் இவ்வேறுபாடு பெரிதாகும்.

இவற்றை உட்கொண்டு வினாவை இவ்வாறு அமைக்கலாம்: ‘இப்ப வேலை செய்யற பட்டறைல, நீங்களோ உங்க வீட்டுல வேற யாராவதோ முன்கூட்டி வாங்கின பணம் – பாக்கியோ அட்வான்ஸோ – பட்டறைக்காரருக்குத் தரவேண்டியது நிக்குதுங்களா?’ வினா நீண்டுவிட்டது, அழகும் குறைந்துவிட்டது. ஆயினும் யார், யாருக்கு, எப்பணம் என்னும் மூன்றும் ஐயமின்றி நிற்கின்றன. ‘அட்வான்ஸ்’ என்னும் சொல்லையும் சேர்த்திருப்பது, பாக்கி என்னும் வழக்கு எல்லா நெசவு ஊர்களிலும் இதே பொருளில் வழங்கும் எனக் கொள்ள இயலாமையால். ஒவ்வோர் ஊரிலும் இரண்டு, மூன்று நேர்காணலேனும் தனியே நடத்திச் சொல்லைத் தேர்தல் வேண்டும்.

பழைய கடன் வினாவை நீக்கிவிடவும் கூடாது. தேசிய மாதிரி ஆய்வின் அகில இந்தியக் கடன், முதலீட்டு ஆய்வு போன்றவற்றோடு ஒப்பிட வேண்டுமாயின், கடனைப் பற்றிய பொது வினா வினாநிரலில் இருத்தல் வேண்டும். பொது வினாவை முதலிலும் பட்டறைப் பண வினாவைப் பின்னரும் வைத்தால், இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடே ஒரு தரவாகிறது. வரிசையை மாற்றிவைத்தால் முன்னது பின்னதன் பொருளை விரித்துவிடும். பாக்கியைப் பற்றிச் சற்றுமுன் பேசியவர் அதையும் கடனுள் சேர்த்துச் சொல்லக்கூடும்.

‘வேலை’ – ஓர் இணைச் சான்று

வினாவின் சொல்லைத் திருத்தியதற்கு இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே சான்று உண்டு. பெண்களின் உழைப்பு வேலையாகப் பதிவாகாமல் போவதைக் கருத்திற்கொண்டு, 1991ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், சென்ற ஆண்டு வேலை செய்தாரா என்னும் வினாவோடு, பண்ணையிலோ குடும்பத் தொழிலிலோ ஊதியமின்றிச் செய்த வேலையும் அடங்கும் என்னும் தொடர் வினாவிலேயே சேர்க்கப்பட்டது. அறிவுறுத்தல் கையேட்டில் மட்டும் இருந்தால் தகவலாளர் காதில் அது விழாது என்பதே இதன் நியாயம்.

சேலம் வட்டாரத் தறிவீட்டில் இத்தொடரும் முழுமையாகக் கைகொடுக்குமா என்பதைச் சோதித்தே சொல்ல வேண்டும். ‘வேலைக்குப் போறீங்களா?’ என்றால் வெளியே கூலிக்குச் செல்வது. ‘வேலை செய்யறீங்களா?’ என்றால் சமையலும் அடங்கிவிடும். குழித்தறியில் கணவன் நெய்ய, வீட்டில் தார் சுற்றியும் பாவுக்கு உதவியும் இருக்கும் பெண் முன்னதற்கு ‘இல்லைங்க, வீட்டுலதான் இருக்கேன்’ என்பார். இங்குச் செயல்களைப் பெயர் சொல்லிக் கேட்பதே வழி: தார் சுற்றுவது உண்டா, பாவு வேலை உண்டா, வாரத்தில் எத்தனை நாள். பாக்கியில் தொகுதிப் பெயரைவிட நிகழ்வு பயன்பட்டது போல, இங்கும் பொதுப்பெயரைவிடச் செயலின் பெயர் பயன்படுகிறது.

இவ்விரு மாவட்டங்களுக்கே உரிய சிறு கண்ணி ஒன்றையும் சுட்டலாம். நாமக்கல், சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாக 1997 சனவரி முதல் நாளிலிருந்து செயற்படுகிறது. திருச்செங்கோட்டில் 1970இல் பிறந்தவரிடம் பிறந்த மாவட்டத்தைக் கேட்டால் ‘சேலம்’ என்பதும் உண்மை, ‘நாமக்கல்’ என்பதும் உண்மை. பிறந்த ஊரைக் கேட்டு மாவட்டத்தை ஆய்வாளரே நிரப்பிக்கொண்டால் இவ்வினாவே தேவைப்படாது. இடம்பெயர்வை ஆராயும் ஒருவர் இதைக் கவனியாவிடின், இருந்த இடத்திலேயே இருப்பவரை மாவட்டம் பெயர்ந்தவராக எண்ணிவிடுவார்.

பதிவு

ஒவ்வோர் ஐய வினாவுக்கும் முதல் வடிவம், முன்னோட்டத்தில் கண்ட தடுமாற்றம், துருவு வினாவுக்குத் தகவலாளர் தம் பேச்சிலேயே சொன்ன விடை, திருத்திய வடிவம், இரண்டாம் சுற்றில் கண்டது ஆகியவை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் இடம்பெறுதல் வேண்டும். தகவலாளரின் பேச்சை எழுத்துத் தமிழாக்கிப் பதிவது இங்குப் பெருந்தவறு. ‘அது பாக்கிங்க’ என்பதை ‘அது நிலுவைத் தொகை’ என்று எழுதிய கணமே, எதற்காக நேர்காணல் நடத்தப்பட்டதோ அச்சான்று அழிந்துவிடுகிறது.

இரண்டாம் சுற்றில் புதிய பிறழ்ச்சி தோன்றாவிடின் நிறுத்தலாம். தோன்றின் மூன்றாம் சுற்று வேண்டும். சேலத்து நெசவுக் குடும்பங்களுள் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ சௌராட்டிரமோ பேசுவோர் உண்டு. தமிழ் வினாவுக்கு அவர்கள் தமிழில் விடையளிப்பர். அதனால் அவர்களைத் தனியே கருதாமல் விடும் வாய்ப்பு மிகுதி. அவர்கள் கடனை வீட்டில் எம்மொழிச் சொல்லால் வழங்குகின்றனர், பட்டறைப் பணத்தை எச்சொல்லால் வழங்குகின்றனர் என்பதை அவ்வம்மொழி அறிந்தவர் நடத்தும் நேர்காணலே காட்டும். ஆகவே முதற்சுற்றின் பத்துப் பேருள் இருவரையேனும் அக்குடும்பங்களிலிருந்து தேர்வது பொருத்தமாகும்.